பதினெட்டாயிரத்துக்கு புல்லட்

பேஸ்புக்கில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது அந்தப் படம் வந்து நிற்கும். ஒரு வளாகத்தில் வரிசையாக புல்லட்டுகள், எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று. மேலே காவல்துறையின் முத்திரை. “மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதல் செய்யப்பட்ட வாகனங்கள் ஆன்லைன் ஏலம். ராயல் என்ஃபீல்டு ரூ.18,500. ஆக்டிவா ரூ.9,000. ஸ்விஃப்ட் ரூ.65,000. முன்பதிவுக் கட்டணம் ரூ.2,100 மட்டுமே. மீதிப் பணம் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.” கீழே ஒரு வாட்ஸ்அப் எண். அதற்கும் கீழே, “போன வாரம் எடுத்தேன், சூப்பர் கண்டிஷன்” என்று நான்கைந்து பேர் எழுதியிருப்பார்கள்.

இதைப் பார்த்து ஏமாறுகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த விளம்பரத்தின் முதல் வரி உண்மை. போலீஸ் பறிமுதல் செய்த வண்டிகள் நிஜமாகவே ஏலத்துக்கு வருகின்றன. சில வண்டிகள் நம்ப முடியாத அளவுக்கு மலிவாகவும் போகின்றன. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தவர்தான் இந்த விளம்பரத்தையும் நம்புகிறார். அதனால் நிஜ ஏலம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அது தெரிந்தால் விளம்பரத்தில் எந்த இடம் பொய் என்பது தானாகப் புலப்படும்.

ஒரு வண்டி போலீஸ் கைக்குப் போக இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, குற்றத்தில் பயன்பட்ட வண்டி. சாராயமோ வெளிமாநில மது பாட்டிலோ கடத்திய பைக் பிடிபட்டால், 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி அதைப் பறிமுதல் செய்யலாம். அதற்கு முன் உரிமையாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கேட்பாரற்றுக் கிடந்த வண்டி. திருடிக்கொண்டு போய்ப் பாதியில் போட்டுவிட்டுப் போனது, விபத்துக்குப் பிறகு உரிமையாளர் எடுக்க வராதது, நம்பர் பிளேட்டே இல்லாமல் நின்றது. இவற்றின் உரிமையாளர் யாரென்று தெரியாதபோது நீதிமன்றம் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் அவகாசம் தரும். அதற்குள் யாரும் வந்து உரிமையை நிரூபிக்காவிட்டால் வண்டி அரசின் பொறுப்புக்குப் போய், விற்கப்படும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457, 458 என்று இருந்த இந்தப் பிரிவுகள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 503, 504 என்று இருக்கின்றன.

இந்த வழிகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: காலம். பிடித்த மறுவாரம் எந்த வண்டியும் ஏலத்துக்கு வராது. நோட்டீஸ், அவகாசம், உத்தரவு, மதிப்பீடு என்று ஒவ்வொன்றும் முடிய மாதங்கள் ஆகும், பல சமயம் வருடங்கள். அதுவரை வண்டி நிற்பது வெட்டவெளியில். காவல் நிலையங்களில் வண்டிகள் இப்படி மக்கி வீணாவதைக் கண்டித்துத்தான், 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், போட்டோ எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை உரியவரிடம் ஒப்படையுங்கள், யாரும் கேட்காவிட்டால் ஏலம் விடுங்கள் என்று சொன்னது. அதற்குப் பிறகும் எந்தக் காவல் நிலையத்தின் பின்புறத்தை எட்டிப் பார்த்தாலும் வேலிப்பருத்தி படர்ந்த பைக்குகளைப் பார்க்கலாம்.

ஏலம் விடும் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் முன்கூட்டியே அறிவிப்புத் தரும். நாளிதழில் வரும், சில மாவட்டங்களில் இணையதளத்திலும் வரும். எத்தனை இருசக்கர வாகனம், எத்தனை நான்கு சக்கர வாகனம், எந்த மைதானம், எந்தத் தேதியில் நேரில் பார்வையிடலாம், டேவணித் தொகை எவ்வளவு, என்ன அடையாள ஆவணம் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் இடம் ஆயுதப்படை மைதானமாக இருக்கும்.

அந்த மைதானத்துக்கு ஏலத்துக்கு முதல் நாள் போகிறவர் காண்பது விளம்பரப் படத்தில் இருந்ததற்கு நேர் எதிர். வரிசையாக நிற்கும் பைக்குகளின் பெட்ரோல் டேங்கிலோ ஹெட்லைட்டிலோ சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ ஒரு வரிசை எண். டயரில் காற்று இருக்காது. சீட்டுக் கவர் கிழிந்து உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் மழையில் ஊறிக் காய்ந்து கருத்திருக்கும். பேட்டரி இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்கும். சாவி இருக்காது, ஆர்.சி. புத்தகம் இருக்காது. சில வண்டிகளில் எஞ்சின் எண்ணைத் தேய்த்து எடுத்திருப்பார்கள். அது திருட்டு வண்டி. ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஏல அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறும் நிபந்தனை, வண்டி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். எடுத்த பிறகு ஓடவில்லை என்று யாரிடமும் போய் நிற்க முடியாது.

மறுநாள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் காயலான் கடைக்காரர்களும் பழைய வண்டி வியாபாரிகளும்தான். டேவணித் தொகை கட்டி டோக்கன் வாங்கியவர்கள்தான் கேட்கலாம். அதிகாரி ஒரு வரிசை எண்ணைச் சொல்லி அடிப்படைத் தொகையைச் சொல்வார். யாரோ நூறு ரூபாய் கூட்டுவார், இன்னொருவர் ஐந்நூறு கூட்டுவார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எடுத்தவர் அன்றைக்கே, அல்லது அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள், முழுத் தொகையையும் அதற்கான ஜி.எஸ்.டி.யையும் கட்டி ரசீது வாங்க வேண்டும். எடுக்காதவருக்கு டேவணித் தொகை திரும்பக் கிடைத்துவிடும்.

இப்போது அந்தப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் புல்லட்டுக்கு வருவோம். ஓடுகிற நிலையில், ஆர்.சி.யோடு இருக்கும் ஒரு பழைய புல்லட் வெளிச் சந்தையில் லட்ச ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஏலத்துக்கு வந்தால் என்ன ஆகும்? மைதானத்தில் நிற்கும் நாற்பது வியாபாரிகளுக்கும் அதன் விற்பனை விலை தெரியும். பதினெட்டாயிரம் என்று ஆரம்பித்த கேள்வி ஐந்து நிமிடத்தில் எழுபதாயிரத்தைத் தாண்டும். ரிப்பேர் செலவு, தன் லாபம் இரண்டையும் கழித்துக்கொண்டு எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது அவர்கள் தினம் போடும் கணக்கு. மிக மலிவாகப் போகும் வண்டி என்றால் அது பெரும்பாலும் பார்ட்ஸுக்கும் இரும்புக்கும் மட்டும் பயன்படுகிற வண்டி. நல்ல வண்டியும் அடிமாட்டு விலையும் ஒரே ஏலத்தில் ஒன்றாக வராததற்குக் காரணம் அதிகாரியின் கறார் அல்ல, பக்கத்தில் நிற்கும் போட்டியாளர்.

இதிலிருந்து கிடைக்கும் சோதனை ஒன்று போதும். ஏலத்தில் கடைசி விலை என்பது கடைசியில்தான் தெரியும். இந்த வண்டி, இந்த விலை, உங்களுக்கே என்று யாராவது முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அவர் நடத்துவது ஏலம் இல்லை. அவரே அதை விற்பனை என்று சொன்னாலாவது யோசிக்கலாம். ஏலம் என்று சொல்லிக்கொண்டு நிலையான விலைக்குப் பதிவு செய்வது நடக்காத காரியம். ஏலத்துக்குப் பதிவு செய்வது உண்டு, அது பங்கேற்பதற்கு. ஒரு குறிப்பிட்ட வண்டியைப் பிடித்து வைப்பதற்கு அல்ல.

கட்டணம் கேட்டாலே மோசடி என்றும் முடிவு கட்டிவிட முடியாது. நிஜ ஏலத்திலும் முன்பணம் உண்டு. ஆனால் டேவணித் தொகையின் குணம் வேறு. அது உங்கள் சொல்லுக்கு ஈடாக வைக்கும் பணம். விளையாட்டுக்கு விலையை ஏற்றிவிட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக வாங்குவது. ஏலம் கிடைக்காவிட்டால் திரும்பும். கிடைத்தால் விலையில் கழியும். எடுத்துவிட்டு மீதியைக் கட்டாமல் போனால்தான் பறிபோகும். இந்த மூன்றும் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். விளம்பரத்தில் கேட்கும் முன்பதிவுக் கட்டணத்துக்கு இப்படி எந்த முடிவும் இல்லை. அதற்கு அடுத்து வருவது இன்னொரு கட்டணம்.

அது எப்படி வளரும் என்று பார்ப்போம். புகார்களில் திரும்பத் திரும்ப வரும் வடிவம்தான் இது. தொகைகளையும் ஆளையும் மட்டும் மாதிரிக்காக வைத்திருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஓர் இளைஞர், காலை பத்து மணிக்கு அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு “புல்லட் இருக்கா?” என்று அனுப்புகிறார். உடனே பதில். நான்கு போட்டோ, ஒரு சின்ன வீடியோ. பிறகு போன். எதிர்முனையில் இருப்பவர் தன்னை மாவட்ட ஆயுதப்படையில் இருக்கும் எழுத்தர் என்று சொல்கிறார். “இது கடைசி ரெண்டு வண்டி தம்பி. மதியம் லிஸ்ட் க்ளோஸ் ஆயிடும். நம்பிக்கை இல்லன்னா விட்டுடுங்க, கட்டாயம் ஒண்ணும் இல்ல.” கூடவே காவல்துறை அடையாள அட்டையின் படமும், ஓர் ஆதார் அட்டையின் படமும் வருகின்றன.

ரூ.2,100 போகிறது. பத்தே நிமிடத்தில் வட்ட முத்திரை குத்திய ஒதுக்கீட்டுக் கடிதம் வருகிறது, இளைஞரின் பெயரும் சேசிஸ் எண்ணும் போட்டு. மதியம், பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு பைக் லாரியில் ஏற்றப்பட்ட படம், டிரான்ஸ்போர்ட்டுக்கு ரூ.5,150. மறுநாள் காலை, பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்குப் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. என்று கணக்கு ரூ.3,330. இந்தக் கணக்குச் சரியாக இருப்பதே அவருக்கு நம்பிக்கை தருகிறது. பிறகு ஆர்.சி. மாற்றுவதற்கும் தடையில்லாச் சான்றுக்கும் ரூ.6,499. அதைப் போட்டதும் ஒரு பதற்றமான போன்: “தம்பி, நீங்க அஞ்சு நிமிஷம் லேட்டாப் போட்டதால சிஸ்டம் ஏத்துக்கல. டிரைவர் டோல்கேட்ல நிக்கிறார். அதே தொகையை இன்னொரு தடவை போடுங்க, முதல்ல போட்டது தானா உங்க அக்கவுண்டுக்குத் திரும்பிடும்.” இன்னொரு ரூ.6,499.

கூட்டிப் பார்த்தால் ரூ.23,578. புல்லட்டின் விலையைவிட ஐயாயிரம் அதிகம். வண்டியின் விலையில் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த மோசடியின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது. வண்டி வந்த பிறகு பணம் கொடுங்கள் என்று சொல்லும்போது, பெரிய பணத்தை அவர் நம்மை நம்பி விட்டுவைத்திருப்பது போலத் தோன்றுகிறது. அந்தக் கடனுக்கு நாம் சின்னச் சின்னக் கட்டணங்களைக் கட்டிப் பதில் மரியாதை செய்கிறோம். முதல் தொகை வேண்டுமென்றே சிறியது. போனால் போகட்டும் என்று ஒருவர் இழக்கத் துணிகிற தொகை, போன பிறகு அதற்காக லீவு போட்டுவிட்டுக் காவல் நிலையம் போகத் தோன்றாத தொகை. இரண்டாவது கட்டணத்திலிருந்து வேலை செய்வது ஆசை அல்ல, போட்டது போய்விடுமே என்ற பயம்.

அந்த அடையாள அட்டை, ஆதார் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் போலியாக வரைந்தவைகூட அல்ல. முன்பு ஏமாந்தவர்களும் ஏமாற இருந்தவர்களும் “பதிவுக்காக” அனுப்பிய நிஜ ஆவணங்களே அடுத்த ஆளை நம்பவைக்கப் பயன்படுகின்றன. நம் இளைஞரும் தன் ஆதாரின் இரு பக்கத்தையும் அனுப்பியிருப்பார். அடுத்த வாரம் வேறோர் ஊரில் யாரோ ஒருவருக்கு, இதோ என் ஆதார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அது போகலாம். உண்மையில் எந்த அதிகாரியும் தன் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தன்னை நிரூபிக்க மாட்டார்; அவருக்கு அலுவலகம் இருக்கிறது, அந்த அலுவலகத்துக்குப் போன் இருக்கிறது. ஏல அறிவிப்பு உண்மையா என்று சந்தேகம் வந்தால் விளம்பரத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மாவட்டக் காவல் அலுவலகத்தின் எண்ணை வேறு வழியில் தேடிக் கூப்பிட்டுக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முத்திரை, கடிதம், குரல், சீருடை என எல்லாவற்றுக்கும் வேஷம் கட்டலாம். மோசடிக்காரரால் வேஷம் கட்டக் கடினமான ஓர் இடம், பணம் போய்ச் சேரும் கணக்கு. யு.பி.ஐ.யில் பின் நம்பர் அடிப்பதற்கு முன் திரையில் ஒரு பெயர் வரும். அந்த இடத்தில் ஒரு தனிநபரின் பெயரோ, சம்பந்தமே இல்லாத மொபைல் கடையின் பெயரோ இருக்கும். கேட்டால், அது எங்கள் கேஷியரின் கணக்கு, ஆபீஸ் கணக்கு லிமிட் முடிந்துவிட்டது என்பார்கள். அரசுக்குச் சேர வேண்டிய பணம் எந்தக் கேஷியரின் சேமிப்புக் கணக்குக்கும் போகாது. அங்கேயே போனைக் கீழே வைத்துவிடலாம்.

இணையதள முகவரியிலும் இதே போல ஒன்று உண்டு. .gov.in என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. முடியும் என்பதுதான் முக்கியம். gov.in என்ற எழுத்துகள் முகவரியின் நடுவில் வந்து, அதற்குப் பின்னால் வேறொரு பெயரும் .com என்றும் இருந்தால் அந்தத் தளத்தின் சொந்தக்காரர் அந்தக் கடைசிப் பெயர்க்காரர். முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகிக்கொண்டால் போதும்.

நிஜமான ஆன்லைன் ஏலமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அரசுத் துறைகளின் கழிவுப் பொருள்களையும் பறிமுதல் பொருள்களையும் மின்னணு ஏலத்தில் விற்றுத் தரும் முக்கிய நிறுவனம் எம்.எஸ்.டி.சி. 1964இல் தொடங்கப்பட்ட, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட, மத்திய உருக்கு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் அது. அதில் வாங்க வேண்டுமானால் வாங்குபவராகப் பதிவு செய்து, ஆவணங்கள் கொடுத்து, முன்வைப்புத் தொகையை அந்தத் தளத்துக்குள்ளேயே கட்ட வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் எண், பொருள் இருக்கும் இடம், நேரில் பார்க்கும் தேதி எல்லாம் இருக்கும். பேஸ்புக் விளம்பரத்தைவிடப் பார்க்க அலுப்பாக, அட்டவணைகளும் நிபந்தனைகளுமாக இருக்கும். அந்த அலுப்பே ஒரு வகையில் நல்ல அடையாளம்.

சுங்கத்துறை ஏலம் என்று சொல்லி ஐபோன் எட்டாயிரத்துக்கு விற்பவர்களும் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். துறைமுகத்தில் இறங்கிய சரக்கை இறக்குமதியாளர் முப்பது நாளுக்குள் எடுக்காவிட்டால், அவருக்கு நோட்டீஸ் கொடுத்து அதை விற்கலாம் என்கிறது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 48ஆவது பிரிவு. அப்படி விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் தொகுப்புகள்: ஒரு கன்டெய்னர் துணி, சில டன் பழைய இயந்திர பாகம், பல நூறு பெட்டி பிளாஸ்டிக் சாமான். எடுப்பவர்கள் மொத்த வியாபாரிகள். குடோனும் லாரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் வைத்திருப்பவர்கள். ஒரே ஒரு போனை ஒரே ஒரு ஆளுக்கு கூரியரில் அனுப்பும் ஏற்பாடு அதில் கிடையாது.

விமான நிலையத்தில் யாரும் எடுக்காத சூட்கேஸ், திறக்காமல் அப்படியே, சில நூறு ரூபாய்க்கு என்ற விளம்பரமும் இதன் தம்பிதான். அது இந்தியாவுக்கு மட்டும் உரியது அல்ல. விமான நிலையத்தின் பெயரை மாற்றி மாற்றிப் பல நாடுகளில் ஓடுகிறது. கேட்பாரற்ற பயணப் பைகளை வைத்துப் பெரிய வியாபாரமே நடத்தும் கடை ஒன்று அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோ ஊரில் 1970இலிருந்து இருக்கிறது. அவர்கள் விமான நிறுவனங்களிடமிருந்து மொத்தமாக வாங்கி, பைகளைத் திறந்து, பொருள்களைத் தரம் பிரித்து, துணிகளைத் துவைத்து, கடையில் விலைச் சீட்டோடு அடுக்கி விற்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு அதிர்ஷ்டப் பெட்டி என்பது விளம்பரத்தில் மட்டுமே உள்ள சமாசாரம். உள்ளே லேப்டாப் இருக்கலாம் என்று நம்மை யோசிக்க வைப்பதற்குத்தான் அந்தப் பூட்டு.

கொஞ்சம் சிக்கலானது பைனான்ஸ் சீஸிங் வண்டி விவகாரம். தவணை கட்டாததால் நிதி நிறுவனம் பிடித்த வண்டிகள் யார்டுகளில் நிற்கும். அவற்றை ஏலம் விடும் உண்மையான தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றில் ஆன்லைனிலும் கேட்கலாம். இங்கே .gov.in சோதனை உதவாது. பதிவுக் கட்டணமும் திரும்பத் தரும் வைப்புத் தொகையும் இங்கேயும் உண்டு. அதனால் இந்த வகையில் ஒரே நம்பகமான வழி யார்டுக்கு நேரில் போவது. வண்டி எந்த யார்டில், எந்த ஊரில் நிற்கிறது என்று கேளுங்கள். உண்மையான நிறுவனம் முகவரி சொல்லி, வந்து பாருங்கள் என்று சொல்லும். மோசடிக்காரர் பாதுகாப்புக் காரணம், ராணுவ வளாகம், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று ஏதோ ஒரு கதவைச் சாத்துவார்.

இப்படி நேரில் பார்த்து எடுத்த வண்டியிலும் காகிதம்தான் பாதி வண்டி. பதிவு எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் அது எந்த மாடல், எந்த ஆண்டு, இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் அடமானம் நிற்கிறதா என்பது தெரியும். படத்தில் சிவப்பு புல்லட்டைக் காட்டிவிட்டு, நம்பர் போட்டால் ஸ்கூட்டர் வந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. அரசு நடத்திய பொது ஏலத்தில் எடுத்த வண்டியை நம் பெயருக்கு மாற்றத் தனிப் படிவமே இருக்கிறது: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 57ஆவது விதியும் படிவம் 32ம். வண்டியைக் கையில் வாங்கிய முப்பது நாளுக்குள், விற்பனையை உறுதிசெய்து அதிகாரி கொடுத்த சான்றையும் சேர்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிதி நிறுவனம் பிடித்த வண்டி என்றால், பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும் ஆர்.சி.யை முதலில் நிதி நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற படிவம் 36 இருக்கிறது. அடமானக் குறிப்பை நீக்க படிவம் 35. நிஜ ஏலக்காரரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேட்டால் எது கிடைக்கும், எது கிடைக்காது, எவ்வளவு நாளாகும் என்று சொல்வார். சில வண்டிகளுக்குப் பதிவே ஆகாது, பார்ட்ஸுக்குத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடவும் செய்வார். மற்றவர் “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், ஒரு 6,499 மட்டும் போடுங்க” என்பார்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியது 1930க்குப் போன் செய்வது. இந்தியா முழுக்க இணையப் பண மோசடிக்கான எண் அது, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். கையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தின் எண்ணும் நேரமும் தொகையும், எந்த யு.பி.ஐ. முகவரிக்குப் போனது என்ற விவரம், பேசிய எண், விளம்பரத்தின் படம். ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். இதில் அவசரம் ஏன் என்றால், பணம் முதலில் போய்ச் சேரும் கணக்கு ஏமாற்றியவருடையது அல்ல. கமிஷனுக்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடையது. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குகளுக்குத் தாவி ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்கு முன்னால் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க முடியும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் புகார் போனால் பிடிபட வாய்ப்பு அதிகம். மறுநாள், வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து முடித்த பிறகு போனால் கணக்கில் இருப்பது சில்லறையாக இருக்கும்.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு போன் வரக்கூடும். சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், ரிலீஸ் செய்ய ஒரு செயல்பாட்டுக் கட்டணம் ரூ.1,999 என்று. ஏமாந்தவர்களின் எண்கள் அடங்கிய பட்டியலுக்கும் ஒரு சந்தை இருக்கிறது. பல சமயம் பேசுவது அதே கும்பல்தான். உறைய வைத்த பணத்தைத் திருப்பித் தரப் போலீஸ் கட்டணம் வாங்குவதில்லை. அது பெரும்பாலும் நீதிமன்றத்தில் மனு போட்டு, உத்தரவு பெற்று, வங்கி மூலம் நேரே உங்கள் கணக்குக்கு வரும். அந்த மனு போடும் சட்டப் பிரிவு, கேட்பாரற்ற பைக்கை என்ன செய்வது என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் அதே 503தான்.